கவர் லெட்டரோட கடைசி பாரா: இன்டர்வியூ கேக்கறது எப்படி, நோட்டீஸ் பீரியட் சொல்றது எப்படி?

கம்பெனி மாறணும்னு நினைக்கிறவங்க அனுப்புற மெயில்கள்ல கடைசி பாராவை மட்டும் எடுத்துப் பார்த்தா, பத்துல எட்டு ஒரே மாதிரிதான் இருக்கும். "தாங்கள் எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் என் முழுத் திறமையையும் காட்டுவேன். தங்கள் சாதகமான பதிலை எதிர்பார்க்கிறேன். நன்றி." இதோட இங்கிலீஷ் வடிவம் உங்க எல்லாருக்கும் மனப்பாடம். ஸ்கூல்ல லீவ் லெட்டர் எழுதக் கத்துக்கிட்டப்போ வந்த "தேங்க்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" இன்னும் நம்ம கையை விட்டுப் போகல.

இதுல மரியாதைக்குக் குறைவு இல்ல. தகவல்தான் இல்ல. மெயிலைப் படிக்கிற ஹெச்.ஆர்-க்கு அடுத்து என்ன செய்யணும், உங்களை எப்போ கூப்பிடலாம், எப்போ வேலைக்கு வருவீங்க, எதுவுமே இதுல கிடையாது. அதைக் கேக்க அவங்க இன்னொரு போன் பண்ணணும். பக்கத்துல இருக்கிற இன்னொரு மெயில்ல அதெல்லாம் ஏற்கெனவே இருந்தா, முதல் போன் அங்கதான் போகும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அவசரத்துல "உடனே ஜாயின் பண்றேன்"னு எழுதிட்டு, அப்புறம் நோட்டீஸ் பீரியடுக்குக் கைக்காசு கட்டறவங்க இருக்காங்க. அதனாலதான் பணம் பத்திப் பேசுற நம்ம பக்கத்துல இந்த டாபிக். கடைசி பாராவுல நீங்க எழுதுற ஒரு வரி, உங்க ரெண்டு மாசச் சம்பளம் வரைக்கும் பதம் பார்க்கலாம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம்

சென்னை அம்பத்தூர்ல ஒரு தயாரிப்பு நிறுவனத்துல அக்கவுன்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ். மூணு வருஷ அனுபவம். மாசச் சம்பளம் கிராஸ் 42,000 ரூபாய், அதுல பேசிக் 21,000. அப்பாயின்ட்மென்ட் லெட்டர்படி நோட்டீஸ் பீரியட் 60 நாள். அவங்க தினம் செய்யற முக்கியமான வேலை, பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை ஜிஎஸ்டிஆர்-2பி-யோட ஒப்பிட்டு, எந்த வெண்டரோட இன்வாய்ஸ் வரல, எதுக்கு இன்புட் கிரெடிட் எடுக்க முடியாதுன்னு கண்டுபிடிக்கறது. இப்போ ஓ.எம்.ஆர்-ல ஒரு கம்பெனியில சீனியர் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு, ஜூன் 12 வெள்ளிக்கிழமை மெயில் அனுப்புறாங்க. வேலை விளம்பரத்துல "ஜிஎஸ்டி ரீகன்சிலியேஷன் தெரிஞ்சிருக்கணும்"னு தெளிவா போட்டிருக்கு.

மெயில் இங்கிலீஷ்லதான் போகும். கருத்து பிடிபடணும்னு இங்க தமிழ்ல எழுதிக் காட்டுறேன். நீங்க எழுதும்போது அதே எளிமையோட இங்கிலீஷ்ல கொண்டு போங்க.

முதல் வரி: வேலையைக் கேக்காதீங்க, பேச நேரம் கேளுங்க

கால் டு ஆக்‌ஷன்னா பெருசா ஒண்ணுமில்ல. படிக்கிறவர் அடுத்து என்ன செய்யணும்னு நாம சொல்ற வரி. இதுல ரெண்டு பக்கமும் வழுக்கி விழலாம்.

ஒரு பக்கம், கெஞ்சற தொனி. "நான் தகுதியானவன்னு தாங்கள் கருதினால்", "ஒரு வாய்ப்பு கிடைத்தால்", "முடிந்தால்"னு ஒரே வரியில மூணு தடவை நம்ம மேலேயே சந்தேகம் எழுப்பிடறோம். மேல ரெண்டு பாராவுல சொன்ன அனுபவத்தை கீழே நாமே அழிச்ச மாதிரி ஆயிடும்.

இன்னொரு பக்கம், அதட்டற தொனி. "இந்த வேலைக்கு என்னை விட்டா ஆள் இல்ல", "திங்கட்கிழமை காலையில உங்களுக்கு போன் பண்றேன்"னு எழுதறது. சில வெளிநாட்டு டெம்ப்ளேட்ல இப்படி இருக்கும். நம்ம ஊர்ல, அறிமுகம் இல்லாத ஹெச்.ஆர்-க்கு தேதி குறிச்சு போன் பண்றேன்னு சொன்னா எரிச்சல்தான் வரும். அதுவும் பல தடவை அவங்க நம்பரே நம்மகிட்ட இருக்காது.

நடுவுல இருக்கிற வழி சுலபம். முதல் மெயில்லயே யாரும் வேலை தரப்போறதில்ல. அடுத்த கட்டம் ஒரு பேச்சு. அதை மட்டும் கேளுங்க, அதையும் அவங்க விளம்பரத்துல கேட்ட ஒரு வேலையோட சேர்த்துக் கேளுங்க. நம்ம உதாரணத்துல இப்படி வரும்:

"மாதாந்திர 2பி ரீகன்சிலியேஷனை நான் எப்படிச் செய்கிறேன், வராத இன்வாய்ஸ்களை வெண்டர்களிடம் எப்படித் தொடர்கிறேன் என்பதை ஒரு இன்டர்வியூவில் உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்."

இங்க "நான் திறமைசாலி"ங்கிற வார்த்தையே இல்ல. ஆனா படிக்கிற ஃபைனான்ஸ் மேனேஜருக்கு, இவங்களைக் கூப்பிட்டா எதைப் பத்திப் பேசலாம்னு உடனே தெரியுது. "விரும்புகிறேன்"ங்கறது பணிவும்தான், உறுதியும்தான். அதுக்கு மேல அழுத்தம் தேவையில்ல.

நீங்க எழுதின வரி சரியான்னு பார்க்க ஒரு வழி சொல்றேன். அதே வரியை வேற துறை வேலைக்கு அனுப்பற மெயில்ல ஒட்டிப் பாருங்க. அங்கேயும் பொருந்துச்சுன்னா, அது யாருக்கும் எதுவும் சொல்லாத வரி. மாத்தி எழுதுங்க.

ரெண்டாவது வரி: இன்டர்வியூவுக்கு எப்போ வர முடியும்?

இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. "அவைலபிலிட்டி"ன்னா ரெண்டு விஷயம். இன்டர்வியூவுக்கு எப்போ வர முடியும்ங்கறது ஒண்ணு. வேலையில எப்போ சேர முடியும்ங்கறது இன்னொண்ணு. "ஐ ஆம் அவைலபிள் இம்மீடியட்லி"ன்னு எழுதினா, எழுதறவர் மனசுல முதல் அர்த்தம் இருக்கும். படிக்கிறவர் ரெண்டாவது அர்த்தத்தைத்தான் எடுத்துக்குவார். அதனால ரெண்டையும் தனித்தனி வாக்கியமா எழுதுங்க.

முதல்ல இன்டர்வியூ நேரம். "எப்ப வேணா வரேன்"னு எழுதத் தோணும். வேலையில இருக்கிற ஒருத்தர் அப்படிச் சொல்ல முடியாது. அவங்க நாளைக்குக் காலை 11 மணிக்குக் கூப்பிட்டா, நீங்க "சார், கொஞ்சம் மாத்த முடியுமா"ன்னு கேக்கணும். முதல் பேச்சே பின்வாங்கலா ஆரம்பிக்கும்.

அதே சமயம் முதல் மெயில்ல குறிப்பிட்ட தேதிகளையும் போடாதீங்க. வெள்ளிக்கிழமை அனுப்பின மெயிலை அவங்க பத்து நாள் கழிச்சுத் திறக்கலாம். "ஜூன் 16 அல்லது 17"னு எழுதியிருந்தா அது அதுக்குள்ள காலாவதி. முதல் மெயில்ல வாராவாரம் பொருந்தற மாதிரி எழுதுங்க: "வார நாட்களில் காலை 9.30-க்கு முன் அல்லது மாலை 6.30-க்குப் பின், சனிக்கிழமை எந்த நேரமும்."

அக்கவுன்ட்ஸ் ஆளுங்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. ஜிஎஸ்டிஆர்-1 மாசம் 11-ம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி 20-ம் தேதி. மாசாமாசம் ஃபைல் பண்றவங்களுக்கு அந்த ரெண்டு நாளும் கண்ணு மண்ணு தெரியாது. உங்களைப் பேட்டி எடுக்கப்போற டீமுக்கும் அதே கதைதான். அதனால "11 மற்றும் 20-ம் தேதிகள் தவிர"ன்னு ரெண்டு வார்த்தை சேர்த்தா, இடைஞ்சல் சொல்ற மாதிரி இருக்காது. வேலைத் தேதியை மதிக்கிற ஆள்னு தெரியும். நம்ம உதாரணத்துல மெயிலை 12-ம் தேதி அனுப்பினதும் அதுக்காகத்தான். 11-ம் தேதி முடிஞ்ச மறுநாள் அந்த டீம் கொஞ்சம் மூச்சு விடும்.

தேதி போடற நேரம் எப்போ வரும்? அவங்க பதில் போட்டு "எப்போ பேசலாம்?"னு கேக்கும்போது. அப்போ பட்டும் படாம எழுதக்கூடாது. ஜூன் 22 திங்கட்கிழமை பதில் வந்ததுன்னு வைங்க. நீங்க இப்படி எழுதலாம்: "ஜூன் 24 புதன் மாலை 6.30, ஜூன் 25 வியாழன் காலை 9.00, ஜூன் 27 சனி காலை 11.00. இதில் எது வசதியோ அதில் வருகிறேன்." மூணு நேரம் போதும். தேதியோட கிழமையையும் போடுங்க. ஒண்ணு தப்பா டைப் ஆனாலும் இன்னொண்ணு காட்டிக்கொடுக்கும். மாசத்தை எழுத்துல எழுதுங்க. 05/06-ன்னு போட்டா, வெளிநாட்டு டீம் அதை மே 6-ன்னு படிக்க வாய்ப்பு இருக்கு. துபாய் நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால, சிங்கப்பூர் ரெண்டரை மணி நேரம் முன்னால. அங்க பேசறதா இருந்தா நேரத்துக்குப் பக்கத்துல இந்திய நேரம்னு குறிப்பிடுங்க.

மூணாவது வரி: எப்போ சேர முடியும்? பணம் இங்கதான் இருக்கு

நோட்டீஸ் பீரியடை மறைக்கணும்னு பலருக்கு ஒரு பயம். 60 நாள், 90 நாள்னு சொன்னா கூப்பிட மாட்டாங்களோன்னு. சில இடத்துல உண்மையிலேயே கூப்பிட மாட்டாங்க. ஆனா மறைச்சா மூணாவது ரவுண்டுல தெரியவரும். அதுக்குள்ள ரெண்டு நாள் லீவு போட்டிருப்பீங்க. அதோட, நௌக்ரி மாதிரி போர்ட்டல்ல நோட்டீஸ் பீரியட்னு தனி கட்டமே இருக்கு. அங்க 60 நாள், மெயில்ல 30 நாள்னு இருந்தா, எது உண்மைங்கிற கேள்வி முதல்ல வரும்.

சரி, "உடனே சேர்றேன்"னு எழுதினா என்ன செலவு? நம்ம உதாரணத்துக்குக் கணக்கு போடுவோம். நோட்டீஸ் 60 நாள், அதாவது ரெண்டு மாசம். லெட்டர்ல "கிராஸ் சம்பளம்"னு இருந்தா 42,000 × 2, மொத்தம் 84,000 ரூபாய். "பேசிக்"னு இருந்தா 21,000 × 2, மொத்தம் 42,000. 30 நாள் வேலை பார்த்துட்டு மீதி 30 நாளுக்கு மட்டும் கட்டினா இதுல பாதி. கிராஸா பேசிக்கான்னு ஒரே ஒரு வார்த்தையில தொகை ரெண்டு மடங்கு மாறுது பாருங்க. அதனால மெயில் எழுதறதுக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் லெட்டரைத் திறந்து அந்த கிளாஸைப் படிங்க.

படிக்கும்போது இன்னொரு வார்த்தையையும் தேடுங்க. காசு கட்டிட்டு முன்னாடியே போறது உங்க உரிமையா, இல்ல "கம்பெனி சம்மதித்தால்"னு இருக்கா? ரெண்டாவது மாதிரி இருந்தா, நீங்க பணம் தர ரெடின்னாலும் அவங்க விடமாட்டேன்னு சொல்லலாம். ரிலீவிங் லெட்டர் இழுத்தடிக்கும். அந்த நிலைமையில "15 நாள்ல வரேன்"னு எழுதறது உங்க கையில இல்லாத ஒண்ணுக்கு வாக்கு கொடுக்கற மாதிரி.

"புது கம்பெனியே பை-அவுட் தொகையைத் தந்துடும், அப்புறம் என்ன?"ன்னு கேக்கலாம். தரும், ஆனா அந்தத் தொகை பொதுவா உங்க சம்பள வருமானத்தோட சேர்ந்து வரிக்கு வரும். 84,000 கட்டி 84,000 வாங்கினாலும், நீங்க 20 சதவீத ஸ்லாப்ல இருந்தா செஸ் சேர்த்து 17,472 ரூபாய் வரியா போகலாம். பழைய கம்பெனிக்குக் கட்டினதை வருமானத்துல கழிக்க முடியுமான்னா, சட்டத்துல அதுக்குன்னு தெளிவான கழிவு கிடையாது. ஊழியருக்குச் சாதகமா சில ட்ரிப்யூனல் தீர்ப்பு வந்திருக்கு, ஆனா அதை நம்பி ரிட்டர்ன் போட்டா கேள்வி வரும்னு தெரிஞ்சு போடணும்.

சரி, அப்போ எப்படி எழுதறது? உண்மையான நாளை முதல்ல சொல்லுங்க. குறைக்க வழி இருந்தா மட்டும் அதையும் சேர்த்துக்குங்க: "என் நோட்டீஸ் காலம் 60 நாள். நிறுவனத்தின் ஒப்புதலோடு குறைப்பது பற்றி ஆஃபர் நேரத்தில் பேசலாம்." இதுல எந்த வாக்குறுதியும் இல்ல, ஆனா கதவும் மூடல. யார் பணம் தர்றதுங்கிற பேச்சு ஆஃபர் வந்த பிறகு நடக்கும். பேரம் பேச உங்களுக்கு வசதியான நேரமும் அதுதான்.

சேர்ற தேதியை மட்டும் நாள்காட்டி தேதியா எழுதாதீங்க. 60 நாள் ஓட ஆரம்பிக்கிறது நீங்க ராஜினாமா கொடுக்கற நாள்ல இருந்து, மெயில் அனுப்பற நாள்ல இருந்து இல்ல. ஜூன் 12 மெயிலுக்கு ஜூலை 6 ஆஃபர் வந்து, அன்னிக்கே ராஜினாமா கொடுத்தா, கடைசி நாள் செப்டம்பர் 4 வாக்குல வரும். "ஆகஸ்ட் 12-ல் சேர்கிறேன்"னு முதல் மெயில்லயே எழுதியிருந்தா மூணு வாரம் இடிக்கும்.

கடைசி வரி: நன்றி

நன்றி ஒரே வரி. அதுவும் ஏற்கெனவே நடந்ததுக்கு. அவங்க உங்க மெயிலைப் படிச்சாங்க, அதுக்கு நன்றி. "தாங்கள் செய்யப்போகும் உதவிக்கு முன்கூட்டிய நன்றி"ன்னு எழுதினா, இன்னும் ஒத்துக்காத ஒண்ணுக்கு ரசீது போட்டுக் கொடுத்த மாதிரி. "என்றும் கடமைப்பட்டிருப்பேன்" வேண்டவே வேண்டாம். வேலைங்கறது ரெண்டு பக்க ஒப்பந்தம். அவங்க சம்பளம் தராங்க, நீங்க உழைப்பு தரீங்க.

நன்றிக்குக் கீழே பேர், மொபைல் நம்பர், சொந்த மெயில் ஐடி. ஆபீஸ் மெயில் ஐடியில இருந்து இதை அனுப்பாதீங்க, அந்த சர்வர் உங்க கம்பெனியோடது. சம்பளம் கேட்டிருந்தா, இப்போதைய சி.டி.சி, எதிர்பார்க்கிறது ரெண்டையும் கையெழுத்துக்குக் கீழே தனி வரியா போடுங்க. கேக்கலைன்னா எழுதாதீங்க. பாராவுக்குள்ள சம்பளம் வந்துட்டா, கண்ணு நேரா அந்த எண்ணுக்குத்தான் போகும்.

எல்லாம் சேர்த்தா

"மாதாந்திர 2பி ரீகன்சிலியேஷனை நான் எப்படிச் செய்கிறேன், வராத இன்வாய்ஸ்களை வெண்டர்களிடம் எப்படித் தொடர்கிறேன் என்பதை ஒரு இன்டர்வியூவில் உங்களுக்கு விளக்க விரும்புகிறேன். வார நாட்களில் காலை 9.30-க்கு முன் அல்லது மாலை 6.30-க்குப் பின் வீடியோ காலில் பேச முடியும். 11 மற்றும் 20-ம் தேதிகள் தவிர. நேரில் வர சனிக்கிழமை எந்த நேரமும் வசதி. என் நோட்டீஸ் காலம் 60 நாள். நிறுவனத்தின் ஒப்புதலோடு குறைப்பது பற்றி ஆஃபர் நேரத்தில் பேசலாம். கீழுள்ள மொபைல் எண்ணில் அழையுங்கள். என் விண்ணப்பத்தைப் படித்ததற்கு நன்றி."

அவ்வளவுதான். இப்போ ஆரம்பத்துல பார்த்த டெம்ப்ளேட்டைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இதுல பெருமையா ஒரு வார்த்தை கூட இல்ல, ஆனா எழுதினவருக்குத் தன் வேலை, தன் நேரம், தன் ஒப்பந்தம் மூணும் தெரியும்னு புரியுது. நம்பிக்கையான தொனி அதுல இருந்துதான் வருது.

அனுப்பறதுக்கு முன்னாடி மெயிலை உங்க போன்லயே திறந்து, கடைசி பாராவை மட்டும் படிங்க. எதுக்குக் கூப்பிடணும், எப்போ கூப்பிடணும், எப்போ சேருவாங்க, எந்த நம்பர்ல கூப்பிடணும்? நாலுக்கும் பதில் கிடைச்சா அனுப்பிடுங்க. "ஒருவேளை", "முடிந்தால்", "கருதினால்" இதுல ஏதாவது கண்ணுல பட்டா எடுத்துட்டு அனுப்புங்க. அப்புறம் போர்ட்டல் ப்ரொஃபைல்ல இருக்கிற நோட்டீஸ் பீரியடும் இதுவும் ஒண்ணான்னு ஒரு தடவை சரி பாருங்க.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. மேல இருக்கிற ரெண்டு பாராவுல விளம்பரத்துல கேட்ட அனுபவம் இல்லைன்னா, கடைசி பாரா எவ்வளவு நல்லா இருந்தாலும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிடத் தோணின ஹெச்.ஆர்-க்கு தயக்கம் வராம பாத்துக்கறதுதான் இந்தப் பாராவோட வேலை.

உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல நோட்டீஸ் தொகை கிராஸா, பேசிக்கான்னு பார்த்துட்டு கமென்ட்ல சொல்லுங்க. கம்பெனி பேர் வேண்டாம், அந்த ஒரு வார்த்தை போதும். வேலையை விட்ட பிறகு வர்ற ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்ல என்னென்ன பிடிக்கலாம், என்னென்ன பிடிக்கக்கூடாதுங்கறதை அடுத்த வீடியோவுல விரிவா பார்ப்போம்.